ஒரு பல்ஸ், ஒரு ஓய்வு: கிட் முறையில் லித்தியம் விரவலை அளப்பது

கிட் சோதனையைச் செய்வது எளிது. அதிலிருந்து வரும் எண்ணை நம்புவதுதான் கடினம். பேட்டரி சோதனைக் கருவியில் நான்கு வரி நிரல் எழுதி, செல்லை மாட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து வந்தால் தரவு தயாராக இருக்கும். சூத்திரத்தில் போட்டால், லித்தியம் பொருளுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று சொல்லும் விரவல் குணகமும் வந்துவிடும். ஆனால் அதே தரவை இரண்டு பேரிடம் கொடுத்தால், ஒருவர் சொல்லும் விடை இன்னொருவர் விடையைவிட எழுநூறு மடங்கு பெரிதாக இருக்கலாம். இருவரும் கூட்டல் பெருக்கலில் தவறு செய்திருக்க மாட்டார்கள். இது எப்படி நடக்கிறது என்பதை, ஒரே ஒரு பல்ஸை எடுத்துக்கொண்டு முழுசாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்கொள்ளும் பொருள் என்எம்சி 622, அதாவது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் 6:2:2 விகிதத்தில் உள்ள அடுக்கு ஆக்சைடு கேத்தோடு.

முழுப் பெயரைத் தமிழில் சொன்னால் மாறா மின்னோட்ட இடைவிட்ட தரம்பார்த்தல். வாய்க்குள் நுழையாத பெயர் என்பதால் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கிட்’ என்றே சொல்கிறோம். வெப்னரும் ஹக்கின்ஸும் 1977-இல் இதை வகுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் அளந்தது லித்தியம்-ஆன்டிமனி கலவையை, 360 டிகிரி செல்சியஸில், உருகிய உப்பை மின்பகுளியாக வைத்து. நாம் இன்று அளப்பதோ அறை வெப்பநிலையில், பிணைப்பானும் கரித்தூளும் கலந்த நுண்துளை மின்முனையை. சூத்திரம் மட்டும் அன்றைக்கு எழுதியதுதான். சிக்கல்களில் பாதி இந்த இடைவெளியிலிருந்து வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு பெரிய மண்டபம் நிறைய ஆட்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வாசல். வாசலில் நிற்கும் காவலாளிக்குத் தன் கண்ணெதிரே உள்ள சில வரிசைகள் மட்டும்தான் தெரியும். நிமிடத்துக்கு இத்தனை பேர் என்று ஒரே சீராக வெளியே அனுப்புகிறோம். முதலில் வாசலோரத்தில் இருப்பவர்கள் போவார்கள், அங்கே காலியாகும். உள்ளே இருப்பவர்கள் மெதுவாக நகர்ந்து அந்த இடத்தை நிரப்புவார்கள். அனுப்புவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், சற்று நேரத்தில் மண்டபம் முழுவதும் கூட்டம் ஒரே சீராகப் பரவிவிடும்.

மின்னேற்றத்தின்போது கேத்தோடுத் துகளிலிருந்து லித்தியம் வெளியேறுவது இப்படித்தான். நாம் அளக்கும் மின்னழுத்தம் அந்தக் காவலாளி. துகளின் மேற்பரப்பில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும், நடுவில் இருப்பதைச் சொல்லாது. மின்னோட்டம் ஓடும்போது மேற்பரப்பு வேகமாகக் காலியாவதால் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மின்னோட்டத்தை நிறுத்தினால் உள்ளிருக்கும் லித்தியம் மேற்பரப்புக்கு வந்து, மின்னழுத்தம் இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும்.

மின்னோட்டத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டு நிறுத்துவதைத்தான் பல்ஸ் என்கிறோம். ஆக, ஒவ்வொரு பல்ஸிலும் நமக்கு இரண்டு அளவுகள் கிடைக்கின்றன. மின்னோட்டம் ஓடும்போது விரவல் காரணமாக மின்னழுத்தம் எவ்வளவு ஏறியது என்பது ஒன்று, அதை ΔE_t என்போம். ஓய்வு முடிந்தபின், முந்தைய ஓய்வு நிலையிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது இன்னொன்று, அது ΔE_s. முதலாவது வாசலோரம் எவ்வளவு காலியானது என்று சொல்கிறது, இரண்டாவது மண்டபம் மொத்தமாக எவ்வளவு காலியானது என்று சொல்கிறது. விரவல் வேகமாக இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் குறையும். மெதுவாக இருந்தால் ΔE_t பெரிதாகி, ΔE_s அதன் பக்கத்தில் சிறுத்துத் தெரியும்.

சூத்திரம் இது:

```
D = (4 / (π·τ)) · (m·V_M / (M·S))² · (ΔE_s / ΔE_t)²
```

இதில் D விரவல் குணகம், τ என்பது பல்ஸ் நேரம், m செயல்படு பொருளின் நிறை, M அதன் மோலார் நிறை, V_M மோலார் கனஅளவு, S மின்பகுளியைத் தொடும் பரப்பு. நடு அடைப்புக்குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறையை மோலாக மாற்றி, மோலைக் கனஅளவாக மாற்றி, பரப்பால் வகுக்கிறோம், அவ்வளவுதான். கனஅளவைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது ஒரு நீளம். துகள் R ஆரமுள்ள கோளம் என்று எடுத்துக்கொண்டால் அந்த நீளம் சரியாக R/3. அப்போது சூத்திரம் இப்படிச் சுருங்கும்:

```
D = (4·R² / (9·π·τ)) · (ΔE_s / ΔE_t)²
```

இந்த வடிவத்தில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கருவி அளந்து தருவது கடைசியில் உள்ள விகிதத்தை மட்டும்தான். முன்னால் நிற்கும் நீளத்தை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். அதுவும் வர்க்கமாகிறது. இதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

செல்லைத் தயார் செய்தல்

மின்முனையை மெல்லியதாகப் பூசுங்கள். தடித்த மின்முனையில் மின்பகுளிக்குள்ளேயே அயனிச் செறிவு மேலிருந்து கீழாக மாறும், அதற்குத் தேவையான மிகை மின்னழுத்தமும் துகளுக்குள் நடக்கும் விரவலோடு கலந்துவிடும். இரண்டையும் பிரிக்க வழியிருக்காது. நம் எடுத்துக்காட்டில் 12 மி.மீ. விட்டமுள்ள வட்டு, அதில் 6 மி.கி. செயல்படு பொருள். என்எம்சி 622-இன் கொள்ளளவை 180 மில்லியாம்பியர்மணி/கிராம் என்று வைத்தால் மொத்தம் 1.08 மில்லியாம்பியர்மணி. பத்து மணி நேரத்தில் மின்னேற்றும் வேகம், அதாவது C/10, 0.108 மில்லியாம்பியர்.

எதிர்முனையாக லித்தியம் உலோகத்தை வைப்பதுதான் வழக்கம். காயின் செல்லில் அதுவே சான்று மின்முனையாகவும் இருப்பதால், லித்தியத்தின் பக்கம் நடக்கும் எல்லாக் குறும்பும் நம் அளவில் சேரும். ஒவ்வொரு முறை மின்னோட்டம் தொடங்கும்போதும் லித்தியம் புதிதாகப் படிய இடம் தேடுவதால், பல்ஸின் தொடக்கத்தில் ஒரு சிறு கூம்பு தெரியும். ΔE_t வெறும் 20 மில்லிவோல்ட் இருக்கும்போது 5 மில்லிவோல்ட் கூம்பு சின்ன விஷயமில்லை. மூன்று மின்முனைச் செல் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால், முதல் அரை நிமிடத் தரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

செல்லைக் கட்டியதும் நேரடியாகக் கிட் சோதனையில் இறங்க வேண்டாம். C/10 வேகத்தில் இரண்டு மூன்று சுழற்சிகள் ஓடவிட்டு, மேற்பரப்புப் படலங்கள் ஒரு நிலைக்கு வந்தபின் தொடங்குங்கள். இல்லையென்றால் முதல் மின்னேற்றத்தின் முதல் சில பல்ஸ்களில் வரும் விசித்திரமான எண்களை விளக்கவே ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும்.

வெப்பநிலை கட்டுப்பாட்டுப் பெட்டி கட்டாயம் வேண்டும். ஓய்வு மின்னழுத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மேலும் கீழும் போகும் மெல்லிய அலை தெரிந்தால், நீங்கள் அளப்பது அறையின் பகல் இரவை என்று பொருள். என் முதல் தரவில் அந்த அலையைப் பார்த்துவிட்டு, ஏதோ புதிய நிலைமாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல்ஸ் எவ்வளவு, ஓய்வு எவ்வளவு

பல்ஸுக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பல்ஸ் முடிவதற்குள் காலியாகும் பகுதி துகளின் மையத்தை எட்டக்கூடாது. சூத்திரம், துகளுக்கு எல்லையே இல்லை என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. அதனால் τ, R²/D என்ற நேரத்தைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். D-ஐக் கண்டுபிடிக்கத்தானே சோதனை, முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். குத்துமதிப்பாக ஒன்றை வைத்துக்கொண்டு தொடங்கி, முடிந்தபின் சரிபார்க்க வேண்டியதுதான். துகள் ஆரம் 5 மைக்ரோமீட்டர், D ஏறத்தாழ 10⁻¹¹ செ.மீ²/நொடி என்று வைத்தால் R²/D = 25,000 நொடி. பத்து நிமிடப் பல்ஸ், அதாவது 600 நொடி, அதில் நாற்பதில் ஒரு பங்கு. சரி, போதும்.

இன்னொன்று, ஒரு பல்ஸில் லித்தியத்தின் அளவு கொஞ்சமே மாற வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் மின்னழுத்த வளைவு நேர்கோடாகவும் D மாறாமலும் இருக்கும் என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. C/10-இல் பத்து நிமிடம் என்றால் கொள்ளளவில் அறுபதில் ஒரு பங்கு. முழு மின்னேற்றத்துக்கு அறுபது பல்ஸ்கள். என்எம்சி வளைவு ஏறத்தாழ 600 மில்லிவோல்ட் அகலத்தில் பரவியிருப்பதால், ஒவ்வொரு பல்ஸுக்கும் ΔE_s சராசரியாக 10 மில்லிவோல்ட் வரும். இது அளக்கத் தோதான அளவு. பல்ஸை இன்னும் சுருக்கினால் ΔE_s ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டாகி, கருவியின் இரைச்சலோடு போட்டி போடும்.

ஓய்வுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. கோளத்துக்குள் லித்தியம் சமமாவதற்கு ஒரு காலமாறிலி உண்டு, அது ஏறத்தாழ R²/(20·D). பின்னால் கணக்கிட்டுப் பெறப்போகும் D = 1.5 × 10⁻¹¹ செ.மீ²/நொடியைப் போட்டால், நம் துகளுக்கு இது 14 நிமிடங்களுக்கு அருகில் வருகிறது. இரண்டு மணி நேரம் காத்திருந்தால் எட்டுக் காலமாறிலிகளுக்கு மேல் ஆகிவிடும், எஞ்சியிருக்கும் ஏற்றத்தாழ்வைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள்: அறுபது பல்ஸ், ஒவ்வொன்றுக்கும் 2 மணி 10 நிமிடம் என்றால் மின்னேற்றத்துக்கு மட்டும் 130 மணி நேரம். மின்னிறக்கத்தையும் சேர்த்தால் பதினோரு நாள். அவ்வளவு நாளும் அந்தச் சானல் உங்களுடையதாக இருக்க வேண்டும். சக ஆய்வாளர்களிடம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

எல்லாப் பல்ஸுக்கும் இரண்டு மணி நேரம் போதுமா என்றால், போதாது. மின்னிறக்கத்தின் கடைசியில், கேத்தோடு லித்தியத்தால் ஏறக்குறைய நிரம்பும்போது விரவல் வெகுவாகக் குறையும். அங்கே D பத்து மடங்கு குறைந்தால் காலமாறிலியும் பத்து மடங்கு கூடி இரண்டரை மணி நேரத்துக்கு அருகில் போய்விடும். எனவே ஓய்வை நேரத்தால் மட்டும் கட்டாமல், மின்னழுத்தம் மணிக்கு 1 மில்லிவோல்ட்டுக்கும் குறைவாக நகரும்வரை காத்திரு, ஆனாலும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் போகாதே என்று நிரல் எழுதுவது நல்லது. உச்சவரம்பை நான் எட்டு மணி நேரம் வைப்பேன்.

தரவுப் பதிவுக்கு ஒரு குறிப்பு. பல்ஸ் தொடங்கிய முதல் சில நொடிகளில் 0.1 நொடிக்கு ஒரு புள்ளி, அப்புறம் நொடிக்கு ஒன்று, ஓய்வின் பின்பகுதியில் அரை நிமிடத்துக்கு ஒன்று போதும். தொடக்கப் புள்ளிகளைச் சேமிக்க மறந்தால் பிறகு எந்தக் கணக்காலும் அவற்றை மீட்க முடியாது.

ஒரு பல்ஸைக் கணக்கிடுவோம்

மின்னேற்றத்தின் நடுவில் உள்ள ஒரு பல்ஸை எடுத்துக்கொள்வோம். முந்தைய ஓய்வின் முடிவில் செல் 3.802 வோல்ட்டில் இருக்கிறது. மின்னோட்டத்தைத் திறந்ததும் மின்னழுத்தம் சட்டென்று எகிறுகிறது. பிறகு வளைந்து மெதுவாக ஏறி, 600-ஆவது நொடியில் 3.837 வோல்ட்டைத் தொடுகிறது. மின்னோட்டம் நின்றதும் உடனே கொஞ்சம் விழுந்து, பிறகு நிதானமாக இறங்கி, இரண்டு மணி நேரம் கழித்து 3.812 வோல்ட்டில் நிற்கிறது.

ΔE_s எளிது: 3.812 – 3.802, அதாவது 10 மில்லிவோல்ட்.

ΔE_t-இல்தான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். 3.837-இலிருந்து 3.802-ஐக் கழித்து 35 மில்லிவோல்ட் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தொடக்கத்தில் எகிறிய பகுதிக்கு விரவலோடு தொடர்பே இல்லை. அது மின்பகுளியின் மின்தடையாலும் மேற்பரப்பில் நடக்கும் மின்னூட்டப் பரிமாற்றத்தாலும் வந்தது. அதைக் கழிக்க வேண்டும். ‘முதல் நொடியில் எங்கே இருந்தது’ என்று பார்த்துக் கழிப்பதும் சரியாக வராது. மின்னூட்டப் பரிமாற்றம் ஒரு நொடியில் முடியும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை, மின்பகுளியில் செறிவு வேறுபாடு உருவாகச் சில பத்து நொடிகள்கூட ஆகலாம்.

ஆகவே மின்னழுத்தத்தை நேரத்துக்கு எதிராக வரையாமல், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரையுங்கள். விரவல் மட்டுமே ஆளும் பகுதி அதில் நேர்கோடாக வரும். இந்தப் பல்ஸில் 30 நொடி முதல் 300 நொடி வரை நல்ல நேர்கோடு இருக்கிறது, சரிவு √நொடிக்கு 0.82 மில்லிவோல்ட். 600-இன் வர்க்கமூலம் 24.5. பெருக்கினால் ΔE_t = 20 மில்லிவோல்ட். கோட்டைப் பின்னோக்கிச் சுழிய நேரத்துக்கு நீட்டினால் 3.815 வோல்ட்டில் முட்டும். அப்படியானால் தொடக்க எகிறல் 13 மில்லிவோல்ட்.

13-உம் 20-உம் சேர்ந்தால் 33 தான், 35 இல்லையே என்று நீங்கள் கேட்டிருந்தால் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அந்த 2 மில்லிவோல்ட், பல்ஸின் கடைசியில் வளைவு நேர்கோட்டைவிட்டு மேலே விலகுவதால் வந்தது. துகள் தட்டையான சுவர் அல்ல, கோளம். உள்ளே போகப் போக இடம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் தன்னைக் காட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் நீண்ட பல்ஸ் கொடுத்திருந்தால் விலகல் இன்னும் பெரிதாகியிருக்கும்.

இப்போது எண்களைப் போடுவோம். R = 5 × 10⁻⁴ செ.மீ., τ = 600 நொடி என்றால் முன்னால் உள்ள பகுதி 5.9 × 10⁻¹¹. விகிதம் 10/20, வர்க்கம் 0.25. விடை D = 1.5 × 10⁻¹¹ செ.மீ²/நொடி.

35 மில்லிவோல்ட்டையே ΔE_t-ஆக வைத்திருந்தால் 4.8 × 10⁻¹² வந்திருக்கும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஓய்வைப் பத்து நிமிடத்தில் முடித்திருந்தால்? அப்போது செல் இன்னும் 3.8147 வோல்ட்டில் இருந்திருக்கும், ΔE_s 12.7 மில்லிவோல்ட் ஆகி D 1.6 மடங்கு பெரிதாக வரும். அரை மணி நேரம் காத்திருந்தால் பிழை 12 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு: எல்லா ஓய்வுகளும் ஒரே அளவு குறையாக இருந்தால், முந்தைய நிலையும் அதே அளவு மேலே நின்றிருக்கும், கழிக்கும்போது பிழையில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். D வேகமாக மாறும் இடத்தில் மட்டும் இந்த அதிர்ஷ்டம் கைகொடுக்காது.

அறுபது பல்ஸுக்கும் கையால் செய்ய முடியாது. பைத்தானில் இவ்வளவு போதும்:

```python
import numpy as np

R, tau = 5e-4, 600.0      # cm, s

def gitt_D(t, E, E0, Es):
    m = (t >= 30) & (t <= 300)
    slope, E_cut = np.polyfit(np.sqrt(t[m]), E[m], 1)
    ratio = (Es - E0) / (slope * np.sqrt(tau))
    D = 4 * R**2 / (9 * np.pi * tau) * ratio**2
    return D, ratio, E_cut - E0
```

இதில் `t` பல்ஸ் தொடங்கியதிலிருந்து நொடிகள், `E0` முந்தைய ஓய்வின் முடிவு, `Es` இந்த ஓய்வின் முடிவு. D-யோடு விகிதத்தையும் தொடக்க எகிறலையும் சேர்த்துத் திருப்பித் தருவதற்குக் காரணம் உண்டு. எகிறல் பல்ஸுக்குப் பல்ஸ் சீராக மாற வேண்டும். திடீரென்று இரு மடங்கானால் செல்லில் ஏதோ ஆகியிருக்கிறது. விகிதம், பல்ஸ் நேரத்தை நீங்கள் சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்று சொல்லும். சூத்திரத்தைத் திருப்பி எழுதினால் Dτ/R² = 0.14 × விகிதத்தின் வர்க்கம் என்று வரும். விகிதம் 0.5 என்றால் அது 0.035. அந்த இடத்திலேயே கோள வடிவத்தால் D ஏறத்தாழ 1.4 மடங்கு வரை குறைத்து மதிப்பிடப்படலாம். விகிதம் 0.5-ஐத் தாண்டும் பல்ஸ்களை நான் நம்புவதில்லை, பல்ஸைப் பாதியாக்கி மறுபடி எடுப்பேன்.

அந்த நீளம்

1.4 மடங்கு, 1.6 மடங்கு என்றெல்லாம் கவலைப்பட்டோம். இப்போது பெரிய ஓட்டையைப் பார்ப்போம்.

மேலே R என்று 5 மைக்ரோமீட்டரைப் போட்டேன். மின்னணு நுண்ணோக்கியில் தெரியும் உருண்டைகளின் சராசரி ஆரம் அது. சூத்திரத்தின் முதல் வடிவத்தில் S-க்கு என்ன போடுவது என்று யோசிக்கும் புதியவர், மின்முனை வட்டின் பரப்பான 1.13 செ.மீ²-ஐப் போட்டுவிடலாம். நானே என் முதல் அறிக்கையில் அப்படித்தான் போட்டேன். 6 மி.கி. பொருளை அடர்த்தியால் (4.75 கி/செ.மீ³) வகுத்தால் கனஅளவு 1.26 × 10⁻³ செ.மீ³. அதை 1.13-ஆல் வகுத்தால் 11.2 மைக்ரோமீட்டர். கோளக் கணக்கில் இதே நீளம் R/3, அதாவது 1.67 மைக்ரோமீட்டர். இரண்டுக்கும் 6.7 மடங்கு வித்தியாசம், வர்க்கமாக்கினால் 45. D, 6.6 × 10⁻¹⁰ ஆகிவிடும்.

இன்னொருவர் வாயு உறிஞ்சல் மூலம் தூளின் பரப்பை அளந்து, கிராமுக்கு 0.5 ச.மீ. என்று எடுத்துக்கொள்கிறார் என்று வைப்போம். 6 மி.கி.க்கு 30 செ.மீ². நீளம் 0.42 மைக்ரோமீட்டர். D, 9.4 × 10⁻¹³. வட்டுப் பரப்பைப் போட்டவருக்கும் இவருக்கும் இடையே எழுநூறு மடங்கு. மின்னழுத்தத் தரவோ ஒன்றேதான்.

யார் சொல்வது சரி? வட்டின் பரப்பு அடர்ந்த மெல்லிய படலங்களுக்குப் பொருந்தும். நுண்துளை மின்முனையில் மின்பகுளி ஒவ்வொரு துகளையும் சூழ்ந்திருப்பதால் அதைப் பயன்படுத்துவது தவறு. மற்ற இரண்டுக்கும் நியாயம் உண்டு. என்எம்சி உருண்டை பெரும்பாலும் ஒரே படிகம் அல்ல, ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய பல படிகங்கள் ஒட்டிய பந்து. புதிய செல்லில் மின்பகுளி பந்தின் வெளிப்பரப்போடு நிற்கலாம். சுழற்சிகள் ஆக ஆகப் பந்து விரிசல் விடும், மின்பகுளி உள்ளே கசியும், லித்தியம் கடக்க வேண்டிய தூரம் குறையும். அப்போது ΔE_t சிறுக்கும். நீங்கள் பழைய R-ஐயே போட்டால் D கூடிவிட்டது போலத் தெரியும். நூறு சுழற்சிக்குப் பின் விரவல் மேம்பட்டது என்று எழுதுவதற்கு முன், செல்லைப் பிரித்துத் துகளின் குறுக்குவெட்டைப் பாருங்கள்.

நடைமுறையில் நான் செய்வது இது: கோள ஆரத்தை எடுத்துக்கொண்டு, அந்த எண்ணையும் அதை எப்படி அளந்தேன் என்பதையும் D-க்குப் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். முடிந்தால் D/R² என்ற அளவையும் சேர்த்துக் கொடுப்பேன். அதன் அலகு 1/நொடி, அதில் யாருடைய நீள அனுமானமும் கலந்திருக்காது. ஒரே தூளில் செய்த இரண்டு மின்முனைகளை ஒப்பிடவோ, ஒரே மின்முனையில் மின்னேற்ற நிலையோடு D எப்படி மாறுகிறது என்று பார்க்கவோ கிட் மிகவும் நம்பகமானது, ஏனெனில் நீளம் இரு பக்கமும் அடிபட்டுப் போகும். வேறு ஆய்வகத்தின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும்போது முதலில் அவர்கள் S-க்கு என்ன போட்டார்கள் என்று தேடுங்கள்.

எண் வந்தும் பொருளில்லாத இடங்கள்

என்எம்சி ஒரே நிலையில் லித்தியத்தை ஏற்றி இறக்குவதால் மின்னழுத்தம் சரிவாகப் போகிறது. லித்தியம் இரும்புப் பாஸ்பேட் அப்படியல்ல. அதில் லித்தியம் நிறைந்த நிலையும் குறைந்த நிலையும் அருகருகே இருந்து, எல்லை மட்டும் நகர்கிறது, மின்னழுத்தம் ஏறக்குறைய சமதளமாக நிற்கிறது. அங்கே ஓய்வு முடிந்தபின் ΔE_s 0.2 மில்லிவோல்ட் என்று வரும். கருவியின் நிச்சயமின்மையே 0.1 மில்லிவோல்ட் இருக்கும்போது அதை வர்க்கமாக்கினால் என்ன மிஞ்சும்? வரைபடத்தில் சமதளம் முழுவதும் D பல பத்து மடங்கு பள்ளத்தில் விழுந்து கிடக்கும். அது விரவல் மெதுவானதைக் காட்டவில்லை, அங்கே சூத்திரத்துக்கு வேலையில்லை என்பதைத்தான் காட்டுகிறது. கிராஃபைட்டின் படிநிலைச் சமதளங்களிலும் இதே கதை. D வரைபடத்தில் பள்ளங்களும், கொள்ளளவின் வகைக்கெழு வரைபடத்தில் சிகரங்களும் ஒரே மின்னழுத்தத்தில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிட் தருவது வேதி விரவல் குணகம். செறிவு வேறுபாடு இருக்கும்போது லித்தியம் எவ்வளவு வேகமாகச் சமமாகிறது என்பதை அது குறிக்கும். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு போன்ற முறைகள் தருவது, தனி அயனி தன்பாட்டுக்கு எவ்வளவு துள்ளுகிறது என்பதை. இரண்டுக்கும் நடுவில் வெப்ப இயக்கவியல் காரணி ஒன்று பெருக்கலாக நிற்கிறது, அது ஒன்றைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கலாம். இரண்டும் பொருந்தவில்லை என்று யாராவது உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்டால் பதற வேண்டாம்.

கடைசியாக, தரவை எழுதும் முன் நான் தவறாமல் செய்யும் இரண்டு சரிபார்ப்புகள். முதலாவது, மின்னேற்றத்திலும் மின்னிறக்கத்திலும் வந்த D-க்களை லித்தியம் அளவுக்கு எதிராக ஒரே வரைபடத்தில் போடுவது. நடுப்பகுதியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பிரிந்து நின்றால் பெரும்பாலும் ஓய்வு போதவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, ஒரே மின்னேற்ற நிலையில் 5, 10, 20 நிமிடப் பல்ஸ்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பது. D பொருளின் பண்பு என்றால் பல்ஸ் நேரத்தைப் பொறுத்து மாறக்கூடாது. 5-உம் 10-உம் ஒத்துப்போய் 20 மட்டும் கீழே இறங்கினால் கோளத்தின் எல்லை தட்டுப்படுகிறது, 10 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்றும் மூன்று விடை தந்தால் √நொடி வரைபடத்துக்குத் திரும்பிப் போய், நேர்கோடு என்று நீங்கள் நினைத்த பகுதி உண்மையிலேயே நேர்கோடுதானா என்று பாருங்கள்.